தடைக்காலத்தின் 61 நாளை எந்தக் கணக்கில் எழுதுவது? ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கும் முழு வழிமுறை

"சார், ஏழு வருசமா இந்த ஷெட்டுலதான் இறால் உரிக்கிறேன். இந்தக் காகிதத்துல இன்னைக்குத்தான் சேர்ந்தேன்னு போட்டிருக்கீகளே?"

உச்சிப்புளிப் பக்கத்து அக்கா ஒருவர் நியமன உத்தரவை என் மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. மண்டபம் வட்டாரத்தில் ஒரு கடல் உணவுப் பதப்படுத்தும் ஆலை. பணியாளர் பிரிவில் நான் இருந்தேன். காண்ட்ராக்டர் வழியாக வந்துகொண்டிருந்த 38 பெண்களை நிறுவனத்தின் சொந்தப் பட்டியலுக்கு மாற்ற முடிவாகியிருந்தது. நல்ல காரியம்தானே, ஆளுக்கொரு உத்தரவு அடித்துக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். அன்று ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் செய்தது சரி. அந்த உத்தரவுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் முறை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கரையில் இந்த வேலைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளும் ஷெட்டுக்குக் கடல் மீன் வராது. திருவாடானைப் பக்கமிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வளர்ப்பு வனாமி இறால் வந்தால் கொஞ்சம் வேலை இருக்கும், இல்லையென்றால் இல்லை. இந்த 61 நாள் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் நிரந்தரம், விடுப்பு, பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் வந்து நிற்கிறது.

முதல் கேள்வி: இவர் யாருடைய ஆள்?

"ஒப்பந்தத் தொழிலாளர்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிறவர்களில் இரண்டு வகை இருக்கிறார்கள். நிறுவனமே நேரடியாகக் கூலி கொடுத்து, "தற்காலிகம்" என்றோ "பதிலி" என்றோ பெயர் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. காண்ட்ராக்டர் கொண்டுவந்து, அவரே கூலி கொடுத்து, அவருடைய பி.எஃப். கணக்கில் இருப்பவர்கள் இன்னொரு வகை.

முதல் வகைக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. தொழில் நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு நிரந்தர நிலை வழங்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணி செய்தவரை நிரந்தரமாக்கியே ஆக வேண்டும். நிர்வாகம் மனது வைத்துக் கொடுக்கும் சலுகை அல்ல இது. ஐம்பது பேருக்குக் குறைந்த இடங்களுக்கும், பருவகாலத் தொழில் நடக்கும் இடங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. "தடைக்காலத்தில் மூடுகிறோம், எனவே நாங்கள் பருவகால நிறுவனம்" என்று நம் பக்கத்தில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தாங்களே சொல்லிக்கொண்டால் அப்படி ஆகிவிடாது. இந்தக் கேள்வி எழுந்தால் முடிவு சொல்ல வேண்டியது அரசு. தடைக்காலத்திலும் வனாமி எடுத்து ஷெட் ஓட்டியிருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம். எங்கள் மின்கட்டண ரசீதே மே மாதமும் இயந்திரம் ஓடியதைக் காட்டிக்கொடுத்தது.

இரண்டாம் வகைக்கு அப்படி நேரடி வழி கிடையாது. காண்ட்ராக்டரின் ஆட்கள் தானாக முதன்மை நிறுவனத்தின் ஆட்களாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காண்ட்ராக்ட் வெறும் பெயருக்குத்தான் என்று நிரூபித்தால் கதை வேறு. யார் வேலை சொல்கிறார்கள், லீவு யாரிடம் கேட்கிறார்கள், கத்தியும் கையுறையும் யார் கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் அப்போது தோண்டுவார்கள். எங்கள் ஷெட்டில் காண்ட்ராக்டர் மாதம் ஒருமுறை கூலிக் கவரோடு வருவார், மற்ற நாளெல்லாம் எங்கள் சூப்பர்வைசர்தான். வழக்கு வந்தால் எங்கே போய் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே ஒப்பந்தம் போட்டே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். சட்டம் சொல்லும் அதே 480 நாளைத் தகுதி அளவாக வைத்தோம். இருதரப்பாகப் போடாமல், தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில் முத்தரப்பாகப் போட்டோம். நம் வழக்கத்தில் "12(3)" என்று சொல்வது. இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டும். அலுவலர் முன்னிலையில் ஆனது அங்கே வேலை செய்யும் எல்லோரையும் கட்டும். பிறகு ஒருவர் மட்டும் வந்து "நான் அந்தச் சங்கத்தில் இல்லையே" என்று தனிக்கணக்குக் கேட்க முடியாது.

மஸ்டர் ரோல் முதலில் கைக்கு வரட்டும்

நாள் கணக்குப் போட மூலப்பதிவு வேண்டும். அது காண்ட்ராக்டரிடம் இருக்கும். ஒப்பந்தம் முடிகிறது என்று தெரிந்த மறுநாள் அந்த நோட்டுகள் காணாமல் போகும். அதனால் அவருடைய கடைசி பில்லைப் பாஸ் செய்வதற்கு முன்பே மஸ்டர் ரோல், கூலிப் பதிவேடு இரண்டின் நகலையும் வாங்கிவிடுங்கள். எங்களுக்கு 2018 முதல் இருந்ததில் ஒரு நோட்டு கரையான் தின்றிருந்தது. அந்த மாதங்களுக்கு எங்கள் வாயிற்காவலரின் வருகை நோட்டும், பி.எஃப். பாஸ்புக்கும் கைகொடுத்தன.

நோட்டைத் திறந்ததும் தடைக்காலப் பக்கங்களைப் பாருங்கள். எங்கள் காண்ட்ராக்டர் அந்த நாட்களில் ஒன்றுமே எழுதவில்லை, வெறும் கட்டங்கள். சில மாதங்களில் "வரவில்லை" என்பதற்கான குறியையே வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். வேலை கொடுக்காததையும் அவர்கள் வராததையும் ஒரே குறியில் எழுதியிருந்தார். இதைச் சரிசெய்யாமல் எந்தக் கணக்கும் போட முடியாது.

480 நாள்: ஒரே எண் வேண்டாம், மூன்று எண் எடுங்கள்

ஒவ்வொருவருக்கும் மூன்று கூட்டுத்தொகை எடுத்தோம். முதல் எண், உண்மையில் ஷெட்டுக்கு வந்து வேலை செய்த நாட்கள். இரண்டாவது எண், அதோடு சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாட்கள், வேலையில் அடிபட்டு வராத நாட்கள், மகப்பேறு விடுப்பில் சட்டம் ஏற்கும் பகுதி ஆகியவற்றையும் சேர்த்தது. மூன்றாவது எண், அதோடு வேலை கொடுக்கப்படாத தடைக்கால நாட்களையும் சேர்த்தது.

அந்த உச்சிப்புளி அக்காவின் கணக்கு இது. 24 மாதம் என்று எடுத்துக்கொண்டது 2023 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. வந்த நாள் 452. தடைக்காலத்தில் வனாமி உரித்த 22 நாளும் அதில் அடங்கும். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் அவருக்குத் தகுதி இல்லை, 28 நாள் குறைகிறது.

இப்போது விடுமுறை. தமிழ்நாட்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, இரண்டு ஆண்டுக்கு 18. காண்ட்ராக்டர் கொடுத்தது 16. மே 1 தடைக்காலத்துக்குள் வருவதால் இரண்டு ஆண்டும் அதை விழுங்கிவிட்டார். சரி, கொடுத்த 16-ஐ மட்டும் எடுப்போம். அடுத்து, 2024-இல் ஈரத்தரையில் வழுக்கி மணிக்கட்டு பிசகி 14 நாள் ஈ.எஸ்.ஐ. விடுப்பில் இருந்திருக்கிறார். வேலையில் பட்ட அடி என்பதால் அதுவும் சேரும். 452-உம் 16-உம் 14-உம் சேர்ந்து 482. இரண்டாம் எண்ணிலேயே தாண்டிவிட்டார்.

மூன்றாம் எண்ணுக்கு, இரண்டு தடைக்காலத்தின் 122 நாளில் அவர் வேலை செய்த 22 போக மீதி 100 நாளையும் கூட்டினால் 582. தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றால் அது தொடர் பணியை அறுக்காது என்று 1981 சட்டமே சொல்கிறது. மீன்பிடித் தடை தொழிலாளியின் தவறு இல்லை. ஆனால் அந்த நாட்கள் பணித்தொடரை அறுக்காமல் மட்டும் விடுமா, 480-க்குள்ளும் எண்ணப்படுமா என்பதில் நிர்வாகத்தின் வக்கீல் ஒன்று சொல்வார், சங்கத்தின் வக்கீல் ஒன்று சொல்வார்.

மூன்று எண் எடுப்பதன் லாபம் இங்கேதான். 38 பேரில் 19 பேர் முதல் எண்ணிலேயே தாண்டினார்கள். 11 பேர் இரண்டாம் எண்ணில் தாண்டினார்கள். மூன்றாம் எண்ணை நம்பியிருந்தவர்கள் 6 பேர் மட்டுமே. இரண்டு பேர் புதிதாக வந்தவர்கள், எதிலும் வரவில்லை. எல்லோருக்கும் சேர்த்துச் சண்டை போட வேண்டிய இடத்தில் ஆறு பேருக்காக மட்டும் பேச வேண்டியிருந்தது. நிர்வாகம் அரை மணி நேரத்தில் ஒத்துக்கொண்டது. ஆறு பேருக்காகப் பருவகாலப் பிரச்சினையைக் கிளறி, அரசு வரை போக யாருக்கும் விருப்பமில்லை.

ராஜினாமா வாங்காதீர்கள்

காண்ட்ராக்டர்கள் கடைசி நாளில் ஒரு காகிதம் நீட்டுவார்கள். "என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகுகிறேன், எனக்குச் சேர வேண்டிய எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன்." எங்கள் முதல் முயற்சியில் இதையும் 38 பேரிடம் வாங்கத் தயாராக வைத்திருந்தோம். இந்த ஒரு காகிதம் பழைய பணிக்காலம் முழுவதையும் அடைத்துவிடும். தானாக விலகியவருக்குத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்?

அதற்குப் பதிலாக, பணித் தொடர்ச்சியோடு மாற்றம் என்று காண்ட்ராக்டர், நிறுவனம், தொழிலாளி மூவரும் கையெழுத்திடும் ஒரு பக்கக் குறிப்பைப் போதும் என்று வைத்துக்கொண்டோம். அதில் காண்ட்ராக்டர் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இவரை வைத்திருந்தார், என்ன பாக்கி இருக்கிறது என்பது மட்டும் இருந்தது.

ஒரு உத்தரவில் மூன்று தேதி

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு விடை இதுதான். நியமன உத்தரவில் ஒரே தேதி போட்டால் அது எல்லா வேலைக்கும் பயன்பட்டுவிடும். மூன்று தேதி வேண்டும்: முதலில் ஷெட்டுக்கு வந்த நாள், நிரந்தரமான நாள், புதிய ஊதிய நிலை தொடங்கும் நாள். ஒவ்வொன்றும் எதற்குப் பயன்படும் என்பதையும் உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும்.

முதல் தேதி பணிக்கொடைக்கு. பணிக்கொடைக் கணக்கு எளியது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை. அக்காவுக்கு நிரந்தரத்தில் வந்தது 14,300. வகுத்தால் நாளுக்கு 550, ஓர் ஆண்டுக்கு 8,250 ரூபாய். அவர் வந்தது 2018 ஜூனில், ஓய்வு பெறுவது 2035 மே மாதம். 2018-இலிருந்து எண்ணினால் 17 ஆண்டு, 1,40,250 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து எண்ணினால் 10 ஆண்டு, 82,500 ரூபாய். இன்றைய சம்பளத்திலேயே 57,750 வித்தியாசம். ஓய்வு பெறும்போது சம்பளம் கூடியிருக்கும், வித்தியாசமும் கூடும்.

இந்தப் பழைய ஏழு ஆண்டுக்கான பணிக்கொடை யார் தலையில்? கணக்குப்படி காண்ட்ராக்டருடையது. நடைமுறையில் பத்து ஆண்டு கழித்து அவரை எங்கே போய்த் தேடுவது? ஒப்பந்தத்தில் இரண்டில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள். காண்ட்ராக்டர் இன்றே அந்தத் தொகையைத் தீர்க்க வேண்டும், அல்லது நிறுவனம் அந்தக் காலத்தை ஏற்க வேண்டும். எங்கள் நிறுவனம் ஏற்றுக்கொண்டு, காண்ட்ராக்டரின் வைப்புத்தொகையிலிருந்து ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது. எதையும் எழுதாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இரண்டாம் தேதி முதுநிலை வரிசைக்கு. இதில் நான் கறாராக இருந்தேன், இன்றும் அதே எண்ணம்தான். ஏற்கெனவே நிரந்தரமாக இருக்கும் 40 பேருக்கு மேலே, இன்று வருகிறவரை 2018 தேதியைக் காட்டி ஏற்றினால் ஷெட் இரண்டாகப் பிளக்கும். பதவி உயர்வு வரிசை நிரந்தரமான நாளிலிருந்துதான். ஒரே நாளில் நிரந்தரமானவர்களுக்குள் மட்டும் முதலில் வந்தவர் முன்னால்.

உத்தரவில் நாங்கள் எழுதிய பத்தி இது. உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

"தாங்கள் இவ்வாலையில் முதலில் பணிக்கு வந்த நாள் 11.6.2018. இந்த நாள் பணிக்கொடைக்கும், ஊதிய நிலையில் பணிக்கால மதிப்புக்கும் கணக்கில் கொள்ளப்படும். தாங்கள் 1.4.2025 முதல் நிரந்தரப் பணியாளர். முதுநிலையும் பதவி உயர்வும் இந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். தங்களுக்கு மீண்டும் தகுதிகாண் பருவம் கிடையாது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கணினியில் இருக்கும் பழைய நியமன உத்தரவு மாதிரியில் "ஆறு மாதத் தகுதிகாண் பருவம்" என்பது தானாக வந்து உட்கார்ந்திருக்கும். ஏழு ஆண்டு வேலை பார்த்தவரைச் சோதனையில் வைப்பதாக அது சொல்லும்.

கிரேடும் கைக்கு வரும் பணமும்

உரிப்பவர்களுக்குக் காண்ட்ராக்டர் கொடுத்தது கிலோ கூலி. நிரந்தரத்தில் வருவது மாதச் சம்பளம். கிரேடு மூன்று வைத்தோம்: உதவியாளர், பதப்படுத்துநர், லைன் பார்ப்பவர். உரிப்பவர்கள் எல்லோரும் இரண்டாவதில். தொடக்க அடிப்படைச் சம்பளம் 9,800. முடிந்த மூன்று ஆண்டுக்கு ஓர் ஊதிய உயர்வு, ஒன்று 150 ரூபாய். அக்காவுக்கு ஆறு ஆண்டு முடிந்து ஏழாவது ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு உயர்வு, அடிப்படை 10,100. பஞ்சப்படி 4,200, வீட்டு வாடகைப்படி 700. மொத்தம் 15,000.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜூலை மாதம் நினைவிருக்கட்டும். தடை முடிந்து இறால் குவியும் அந்த மாதத்தில் அவர் 17,400 வரை பார்த்திருக்கிறார். காண்ட்ராக்டர் கணக்கில் 9,000 மட்டும் காட்டி பி.எஃப். 1,080 பிடிப்பார், ஈ.எஸ்.ஐ. 131. கையில் 16,189. நிரந்தரத்தில் 14,300-க்கு பி.எஃப். 1,716, முழு 15,000-க்கு ஈ.எஸ்.ஐ. 113. கையில் 13,171. நிரந்தரமானதால் மாதம் மூவாயிரம் குறைந்துவிட்டது என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

ஆண்டுக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் உண்மை தெரியும். கிலோ கூலியில் எட்டு மாதம் சராசரி 15,600, மந்தமான இரண்டு மாதம் 10,400 வீதம், தடைக்காலத்து இரண்டு மாதம் 4,200 வீதம். மொத்தம் 1,54,000. நிரந்தரத்தில், தடைக்காலத்தில் ஒரு மாத அளவுக்கு வனாமி, பராமரிப்பு, பயிற்சி என்று முழுச் சம்பளம். மீதி ஒரு மாத அளவுக்கு லே-ஆஃப், அதாவது வேலை கொடுக்க முடியாத நாட்களுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி, 7,150. பதினோரு மாதம் 15,000 வீதம் 1,65,000. இரண்டும் சேர்த்து 1,72,150. ஆண்டுக்கு 18,150 கூடுதல்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, எந்த மாதத்தில் மாற்றுகிறோம் என்பதும் ஒரு முடிவு. எங்கள் முதல் முயற்சி ஜூலையில் நடந்தது. முதல் பே ஸ்லிப்பே குறைவாக வந்திருக்கும். இரண்டாம் முறை ஏப்ரல் 1-ஐத் தேர்ந்தோம். பதினைந்தாவது நாள் படகுகள் நின்றன. போன வருடம் இதே மாதம் கையில் என்ன இருந்தது என்று அவர்களுக்கே தெரியும். ஈ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலமும் ஏப்ரல் ஒன்றில்தான் தொடங்குகிறது என்பதால் கணக்காளருக்கும் தலைவலி இல்லை.

சம்பளத்தைப் பிரிக்கும்போது படிகளை ஏற்றி அடிப்படையைக் குறைக்கும் பழைய தந்திரம் இனி எடுபடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும்.

பி.எஃப்.: எண் ஒன்றுதான், கணக்கு இரண்டு

யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் மாறாது. அதன் கீழே காண்ட்ராக்டருக்கு ஒரு கணக்கு, நிறுவனத்துக்கு ஒரு கணக்கு. காண்ட்ராக்டர் மார்ச் 31 என்று வெளியேறிய நாளைப் பதிய வேண்டும், நாம் ஏப்ரல் 1 என்று சேர்ந்த நாளைப் பதிய வேண்டும். பிறகு பழைய கணக்கின் பணத்தையும் பணிக்காலத்தையும் புதியதற்கு மாற்ற வேண்டும். காண்ட்ராக்டர் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதியலாம். இந்த வெளியேற்றம் பி.எஃப். கணக்குக்கு மட்டும்தான், வேலையை விட்டதாக ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபோனில் குறுஞ்செய்தி வந்ததும் பதறிப்போய் ஓடி வருவார்கள்.

பெயர்தான் பெரிய தடங்கல். ஆதாரில் இனிஷியல் பின்னால், பி.எஃப்.-இல் முன்னால். ஒன்றில் பீவி, இன்னொன்றில் பீபி. எங்கள் 38 பேரில் 13 பேருக்கு இந்தத் திருத்தம் தேவைப்பட்டது. மாற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது, பழைய பணத்தை எடுத்துவிடும் ஆசை. மகள் கல்யாணம், படகுக் கடன் என்று காரணம் இருக்கும். பி.எஃப். பணத்தை எடுப்பது அவர்கள் விருப்பம். ஆனால் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு வேண்டும். 48 வயதில் ஏழு ஆண்டைத் தொலைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஆளுக்கு ஆள் உட்கார்ந்து சொன்னோம். கேட்காமல் எடுத்தவர்களும் இருவர் உண்டு.

பாஸ்புக்கையும் மாதாந்திரக் கணக்கையும் பார்க்கும்போது `NCP Days` என்ற கட்டத்தைக் கவனியுங்கள். பங்களிப்பு இல்லாத நாட்கள். கூலி இல்லாத தடைக்கால நாட்களைக் காண்ட்ராக்டர் அதில் போட்டிருப்பார். அக்காவுக்கு ஆறு தடைக்காலத்தில் ஏறத்தாழ 300 நாள் அப்படிப் போயிருந்தது. ஓய்வூதியப் பணிக்காலத்தில் அது கழியும். பழையதை நாம் மாற்ற முடியவில்லை. ஆனால் "ஏழு வருசம் ஆச்சு" என்று அவர் நினைத்திருப்பதும் ஓய்வூதியக் கணக்கில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அன்றே சொல்லிவிட்டோம்.

விடுப்பில் ஒரு நாள் குறைந்த கதை

ஏப்ரலில் மாற்றினால் வரும் ஒரே கெடுதல் இது. தொழிற்சாலைச் சட்டத்தில் சம்பள விடுப்புக்கு ஆண்டுக்கு 240 நாள் வேலை வேண்டும் என்று அப்போது இருந்தது (புதிய தொகுப்பில் 180). ஆண்டு நடுவில் சேர்ந்தவருக்கு மீதி நாட்களில் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்றும் அப்போது இருந்தது. ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 31 வரை 275 நாள், மூன்றில் இரண்டு பங்கு 184. தடைக்காலத்தில் வேலையே கிடைக்காதவருக்கு அந்த 61 போக 214. அதில் ஞாயிறு 31 போக 183. ஒரு நாள் கூட விடுப்பு எடுக்காதவருக்கும் ஒரு நாள் குறைகிறது! முதலில் கணக்குப் போட்டவர் தப்பாகப் போட்டார் என்று நினைத்து நான் மறுபடி எண்ணினேன்.

தீர்வு இரண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை காண்ட்ராக்டரிடம் செய்த நாட்களையும் விடுப்புக்கு எண்ணுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். இரண்டாவது, தடைக்காலத்தில் வேலை இல்லாத நாளை முறையான லே-ஆஃப் என்று பதிந்தோம். லே-ஆஃப் நாள் விடுப்புத் தகுதிக்கு வேலை செய்த நாளாகவே எண்ணப்படும். வெற்றுக் கட்டம் எண்ணப்படாது.

கூட்டத்தில் எதை முதலில் சொல்வது

எல்லோரையும் உட்கார வைத்துச் சட்டம் படித்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் தூக்கம் வரும். ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். மேலே அவருடைய பெயர், மூன்று தேதி, மூன்று எண். கீழே போன ஆண்டு அவருக்கு வந்த மொத்தம், வரும் ஆண்டு வரப்போகும் மொத்தம், ஜூலையில் கையில் எவ்வளவு குறையும், மே மாதம் எவ்வளவு கூடும். குறைவதை முதலில் சொன்னோம். அதை நாமே சொல்லிவிட்டால் மீதியை நம்புகிறார்கள்.

"அப்ப மழைக்காலத்துல லீவு போட்டா சம்பளம் புடிப்பீகளா சார்?" என்று ஒருவர் கேட்டார். இருப்பில் விடுப்பு இருந்தால் பிடிக்க மாட்டோம், இல்லையென்றால் பிடிப்போம் என்றேன். "கிலோ கூலியில லீவுக்குக் கணக்கே இல்ல, வந்தா காசு" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அந்தச் சுதந்திரம் போகிறது, உண்மைதான். காலை எட்டு மணிக்கு வந்தாக வேண்டும், சொல்லாமல் பத்து நாள் ஊருக்குப் போக முடியாது, நிலையாணை பொருந்தும், தப்பு செய்தால் விளக்கம் கேட்கும் கடிதம் வரும். இதையும் தாளில் எழுதியிருந்தோம். இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லி விலகினார்கள். அவர்களை வற்புறுத்தவில்லை.

உச்சிப்புளி அக்கா தாளைத் தன் மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, மறுநாள் 11.6.2018 என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

உத்தரவுகள் கொடுத்த இரண்டாவது வாரம், ஏப்ரல் 15 காலை, நேரப் பதிவாளர் வழக்கம்போல மஸ்டரைத் திறந்து அன்றைய கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார். நோட்டை வாங்கி, வனாமி லைனில் நின்ற 14 பேருக்கு வருகையும், மற்றவர்களுக்கு லே-ஆஃப் குறியும் நானே போட்டேன். அன்றிலிருந்து ஜூன் 14 வரை தினமும் மாலை அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலையாயிற்று.